பனியன் ஏற்றுமதியாளருக்கு ஆண்டிறுதிக் காப்பீட்டு மின்னஞ்சல்: பதில் வரும்படி எழுதுவது எப்படி?

கேள்வி: "திருப்பூரில் ஒரு காப்பீட்டு புரோக்கர் நிறுவனத்தில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் முக்கிய வாடிக்கையாளர் ஒரு பின்னலாடை ஏற்றுமதியாளர். இந்த வருடத்து கிளைம்கள், வரப்போகும் புதுப்பிப்புகள், காப்பு இல்லாத இடங்கள், அடுத்த வருட மாற்றங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அவருக்கு ஆண்டிறுதி மின்னஞ்சல் எழுதச் சொல்லியிருக்கிறார் மேலாளர். போன வருடம் ஆறு பக்க அட்டவணை அனுப்பினோம். 'நன்றி' என்று மட்டும் பதில் வந்தது. இந்த முறை எப்படி எழுதுவது?"

அந்த 'நன்றி'யில் உங்களுக்கான பதில் இருக்கிறது. ஆறு பக்கத்திலும் அவர் ஆம், இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. அட்டவணையில் இருந்தது அவரிடம் ஏற்கெனவே இருக்கும் தகவல்தான்: பாலிசி எண், தேதி, பிரீமியம். அதை அவர் கணக்காளரிடம் தள்ளிவிட்டிருப்பார். ஆண்டிறுதிக் கடிதத்தின் வேலை வேறு. எங்கே, எவ்வளவு ரூபாய் காப்பில்லாமல் நிற்கிறது என்பதை முதலாளியிடம் சொல்லி, அதை என்ன செய்வது என்று எழுத்தில் ஒரு முடிவு வாங்குவதுதான் அது.

நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் பாலிசி ஏற்கும் பிரிவில் இருந்துவிட்டு, பிறகு புரோக்கர் பக்கம் வந்தவன். தீ, சரக்குப் போக்குவரத்து ஆகிய இரண்டும் நான் கைபட வேலை செய்த துறைகள். குழு மருத்துவக் காப்பீட்டில் என் அனுபவம் அதைவிடக் குறைவு. அதைப் பற்றிக் கீழே எழுதியிருப்பதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். 2021-க்கு முன், ஒரு ஏற்றுமதியாளருக்கு இப்படித்தான் ஆண்டுதோறும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அதில் "சரக்கு இருக்கும் எல்லா இடங்களும் பாலிசியில் உள்ளனவா எனச் சரிபார்த்துக்கொள்ளவும்" என்ற வரி தவறாமல் இருக்கும். பிரிண்டிங்குக்குப் போன அவருடைய துணி, ஜாப் ஒர்க் யூனிட்டில் தீப்பிடித்து எரிந்தது. அவருடைய பாலிசியில் அந்த முகவரி இல்லை. வேலைக்காக வெளியே அனுப்பிய சரக்குக்கான கூடுதல் பிரிவையும் எடுத்திருக்கவில்லை. பிரிண்டிங்காரரின் பாலிசியோ அவருடைய சொந்தப் பொருளுக்கு மட்டுமே இருந்தது. அடுத்தவர் ஒப்படைத்த பொருளையும் சேர்க்க வேண்டுமானால் அதைப் பாலிசியில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். "நீங்கள் சொல்லவே இல்லையே" என்றார் வாடிக்கையாளர். நான் அந்த வரியைக் காட்டினேன். "இதையா சொன்னது என்கிறீர்கள்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். இடத்தின் பெயரும் தொகையும் இல்லாத எச்சரிக்கையை யாரும் எச்சரிக்கையாகப் படிப்பதில்லை.

ஆகவே எழுத உட்காரும் முன் மூன்று தாள்களைக் கையில் வாங்குங்கள்: வங்கிக்கு அவர்கள் மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட், ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கின் டெலிவரி சலான் பட்டியல், இப்போதைய தீ பாலிசியின் அட்டவணைப் பக்கம். மூன்றையும் அருகருகே வைத்தாலே கடிதத்தில் பாதி தானாக வந்துவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனை, ஆனால் இதே அமைப்பைத் திருப்பூரில் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஸ்டாக்குக்குக் காப்பீட்டுத் தொகை 3 கோடி ரூபாய். மார்ச் 31 ஐந்தொகையில் இருந்த இருப்பை வைத்து அதை நிர்ணயித்திருப்பார்கள். ஆனால் பல ஆலைகளில் சரக்கு கப்பலேறிய பிறகு இருப்பு வற்றியிருக்கும் நேரம் அது. அக்டோபர் ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் இருப்பு 5 கோடி. அந்த மாதத்தில் கட்டிங் பிரிவில் தீப்பிடித்து 80 லட்சம் ரூபாய்த் துணி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டுத் தொகை 3 கோடி, நட்டம் 80 லட்சம்தான், முழுதும் வந்துவிடும் என்று முதலாளி நினைப்பார். சர்வேயர் அப்படி நினைக்க மாட்டார். விபத்தன்று இருந்திருக்க வேண்டிய தொகை 5 கோடி, இருந்ததோ 3 கோடி. எனவே நட்டத்தில் ஐந்தில் மூன்று பங்குதான். 80 லட்சத்துக்கு 48 லட்சம். மீதி 32 லட்சம் முதலாளி தலையில். பாலிசியின் வழக்கமான பிடித்தத் தொகை இதற்கு மேல் தனியாகப் போகும்.

2021 ஏப்ரல் முதல், ஓரிடத்து மொத்த மதிப்பு 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை உள்ள தொழில்களுக்கு 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி தரப்படுகிறது. உங்கள் வாடிக்கையாளர் அநேகமாக அதில்தான் இருப்பார். அதில் 15 சதவீதம் வரையிலான குறைக்காப்பைக் கண்டுகொள்ள மாட்டார்கள். இது நல்ல சலுகைதான். ஆனால் நம் கணக்கில் குறைவு 40 சதவீதம். சலுகை இங்கே உதவாது. சலுகை இருப்பதை மட்டும் எழுதி எல்லையை எழுதாமல் விட்டால், வாடிக்கையாளர் அதை "எல்லாம் சரியாக இருக்கிறது" என்றே படிப்பார்.

அதே பாலிசியில் வேலைக்காகத் தற்காலிகமாக வெளியே போன சரக்குக்கு, ஸ்டாக் தொகையில் 10 சதவீதம் வரை காப்பு உள்ளடங்கியே வருகிறது. நம் கணக்கில் அது 30 லட்சம். சலான்களைக் கூட்டிப் பார்த்தால் டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி யூனிட்டுகளில் 1 கோடியே 40 லட்சம் ரூபாய்ச் சரக்கு நிற்கிறது என்று வையுங்கள். அதாவது 1 கோடியே 10 லட்சம் காப்பில்லாமல் இருக்கிறது. திருப்பூர் தொழிலில் துணி தன் சொந்தக் கூரைக்குக் கீழே இருக்கும் நாட்களைவிட அடுத்தவர் கூரைக்குக் கீழே இருக்கும் நாட்கள் அதிகம் என்பதை வெளியூர் அலுவலகத்தில் பாலிசி போடுகிறவர் அறிய மாட்டார். நீங்கள் அறிவீர்கள். இந்தக் கடிதத்தில் உங்கள் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

இனி கடிதம். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் அனுப்புவோம். ஆனால் முடிவெடுக்கும் முதலாளி தமிழில் வசதியாகப் படிப்பவரானால் தமிழிலேயே எழுதி, பாலிசியின் சொற்கள் வரும் இடத்தை மட்டும் பாலிசியில் உள்ளபடியே கொடுங்கள். அவர் கைபேசியில்தான் படிப்பார். முதல் திரையிலேயே விஷயம் வந்துவிட வேண்டும். தலைப்பில் 'ஆண்டறிக்கை' என்று போடாதீர்கள். 'ஸ்டாக் காப்பு: ஜனவரி 10-க்குள் உங்கள் முடிவு தேவை' என்று போடுங்கள். தொடக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, இந்த ஆண்டுக் காப்பீட்டு நிலவரத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். அதில் இரண்டு விஷயங்களுக்கு உங்கள் முடிவு வேண்டும். ஒன்று, ஸ்டாக்குக்கு 3 கோடி காப்பு இருக்கிறது. அக்டோபர் இருப்பு 5 கோடி. அந்த நிலையில் 80 லட்சம் ரூபாய் நட்டம் வந்தால் சுமார் 48 லட்சம்தான் கிடைக்கும். இரண்டு, ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் உள்ள 1 கோடியே 40 லட்சம் ரூபாய்ச் சரக்கில் 30 லட்சத்துக்கு மட்டுமே காப்பு உண்டு. இரண்டையும் சரிசெய்ய ஆகும் கூடுதல் பிரீமியத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி இத்துடன் இணைத்திருக்கிறேன். செய்யலாம், வேண்டாம், பேசிவிட்டுச் சொல்கிறேன் – இவற்றில் ஏதாவது ஒன்றைப் பதிலாக அனுப்பினால் போதும்."

பிரீமியத்தை ஊகமாக எழுதாதீர்கள். நீங்கள் சொன்ன ஊகத்தைவிட உண்மைத் தொகை கூடினால், கடிதத்தின் மற்ற எண்களையும் அவர் சந்தேகிப்பார். தீர்வையும் ஒன்றுக்கு மேல் கொடுங்கள். ஜாப் ஒர்க் சரக்குக்கு, பெயரிட்ட எல்லா இடங்களுக்கும் சேர்த்து ஒரே தொகை போடும் 'ஃப்ளோட்டர்' முறை பொருந்தும். ஆனால் ஒவ்வொரு முகவரியும் பட்டியலில் இருக்க வேண்டும்; புதிய டையிங் யூனிட் சேர்ந்தால் அன்றே உங்களுக்குத் தெரிய வேண்டும். ஏறி இறங்கும் ஸ்டாக்குக்கு, உச்சத் தொகைக்குப் பாலிசி எடுத்து மாதாமாதம் இருப்பை அறிவித்து, ஆண்டு முடிவில் பிரீமியத்தைச் சரிசெய்துகொள்ளும் 'டிக்ளரேஷன்' முறை உண்டு. அவர்கள் அலுவலகத்தில் மாதாமாதம் அதை அனுப்ப ஓர் ஆள் பொறுப்பேற்காவிட்டால் அதைப் பரிந்துரைக்காதீர்கள். அறிவிப்பை விட்டுவிட்டால் அந்த மாதத்தில் முழுத் தொகைக்கும் சரக்கு இருந்ததாகவே கணக்கிடுவார்கள். திரும்ப வர வேண்டிய பணம் வராது.

இந்த இடத்தில் ஒன்றைக் கடிதத்தில் எழுதாமல் நேரில் மட்டும் கேளுங்கள். சில நிறுவனங்கள் வங்கிக் கடன் வரம்புக்காக ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் இருப்பைக் கூட்டிக் காட்டுவதுண்டு. தீ விபத்து நடந்தால் சர்வேயர் அந்த ஸ்டேட்மெண்டையும் கேட்பார், கணக்குப் புத்தகத்தையும் கேட்பார். இரண்டும் பொருந்தாவிட்டால் கிளைம் அங்கேயே சிக்கிக்கொள்ளும். கூட்டிக் காட்டிய எண்ணை வைத்துக் குறைக்காப்பைக் கணக்கிடவும் வாய்ப்பிருக்கிறது. எனவே '5 கோடி' என்று எழுதும் முன், அது உண்மையான இருப்புதானா என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். நம் தரவு தவறாக இருந்தால் கடிதம் முழுவதும் தவறாகிவிடும்.

அடுத்து கிளைம்கள். வந்த பணத்தைப் பெருமையாகவும் வராத பணத்தை மௌனமாகவும் எழுதும் வழக்கம் நம் துறையில் உண்டு. வராததைத்தான் அவர் நினைவில் வைத்திருப்பார். எடுத்துக்காட்டாக, தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போன லாரியில் மழை நீர் புகுந்து அட்டைப்பெட்டிகள் நனைந்தன; கேட்ட தொகையில் ஒரு பகுதி வெட்டப்பட்டது என்று வையுங்கள். "லாரி நிறுவனத்துக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கவில்லை. அதனால் அவர்களிடம் வசூலிக்கும் உரிமையைக் காப்பீட்டு நிறுவனம் இழந்தது. அதைக் காரணம் காட்டி வெட்டினார்கள். இனி நனைந்த பெட்டி வந்தால் லாரி ரசீதிலேயே குறிப்பு எழுதி வாங்குங்கள். நோட்டீஸ் மாதிரியை இணைத்திருக்கிறேன்" என்று எழுதினால், போன பணத்துக்குப் பதில் ஒரு பாடமாவது அவர் டெஸ்பாட்ச் பிரிவுக்குப் போய்ச் சேரும். நம் அலுவலகம் தாமதித்திருந்தால் அதையும் ஒரு வரியில் ஒப்புக்கொள்ளுங்கள். நிலுவையில் உள்ள கிளைமுக்கு 'செயல்பாட்டில் உள்ளது' என்று எழுதுவதில் பயனில்லை. எந்தத் தாள், யாரிடம், எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்று எழுதுங்கள்.

குழு மருத்துவக் காப்பீட்டில் ஒரு கணக்குப் பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. பாலிசி ஏப்ரல் 1-இல் தொடங்கியது, ஆண்டு பிரீமியம் 12 லட்சம் என்று கொள்ளுங்கள். நவம்பர் கடைசி வரை கொடுத்த கிளைம் 5 லட்சத்து 60 ஆயிரம். அதை 12 லட்சத்தால் வகுத்து, 'கிளைம் விகிதம் 47 சதவீதம், அருமை' என்று எழுதிவிடுகிறோம். அது தவறு. எட்டு மாதம்தான் கழிந்திருக்கிறது. அந்த எட்டு மாதத்துக்கான பிரீமியம் 8 லட்சம். கொடுத்ததோடு, இன்னும் தீர்க்காமல் இருக்கும் 1 லட்சத்து 60 ஆயிரத்தையும் கூட்டினால் 7 லட்சத்து 20 ஆயிரம். விகிதம் 90 சதவீதம். நவம்பரில் நடந்து இன்னும் பில்லே வராத சிகிச்சைகள் இதற்கும் மேல். 47 என்று படித்த முதலாளி மார்ச் மாதத்தில் தள்ளுபடியை எதிர்பார்ப்பார். காப்பீட்டு நிறுவனம் ஏற்றிக் கேட்கும். நடுவில் நிற்பது நீங்கள். தொகைகளை மட்டும் எழுதுங்கள். எந்தத் தொழிலாளிக்கு என்ன நோய் என்ற பட்டியலை முதலாளிக்கு இணைக்காதீர்கள். அந்தத் தகவல் அவருக்கு உரியதல்ல.

புதுப்பிப்புகள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தேதி வரிசையில், எது எப்போது முடிகிறது, நமக்கு எந்தத் தேதிக்குள் என்ன தரவு வேண்டும் என்று சில வரிகள் போதும். இதில் உறுதியானதையும் உறுதியற்றதையும் கலக்காமல் வையுங்கள். தேதி உறுதியானது. பிரீமியம் விகிதம் ஏறும் என்பது, காப்பீட்டு நிறுவனம் எழுத்தில் சொல்லும்வரை, உங்கள் கணிப்புதான். 'என் கணிப்பு' என்றே எழுதுங்கள். ஆனால் ஒன்றைத் தயக்கமில்லாமல் சொல்லலாம். காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவுப்படி, பிரீமியம் முன்கூட்டிச் சேராமல் காப்பு தொடங்காது. "சரி, செய்துவிடுங்கள்" என்று அவர் மின்னஞ்சலில் சொல்லிவிட்டு, பணம் போட நான்கு நாள் எடுத்துக்கொண்டால், அந்த நான்கு நாளும் காப்பு இல்லை. இந்த வரியை ஸ்டாக் விஷயத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். கடைசிப் பத்தியில் புதைக்காதீர்கள்.

அடுத்த ஆண்டு மாற்றங்களை நீங்கள் ஊகிக்க வேண்டாம், கேளுங்கள். ஆனால் 'ஏதேனும் மாற்றங்கள் உள்ளனவா?' என்று கேட்டால் 'இல்லை' என்றே வரும். நான் பெயர் சொல்லிக் கேட்பேன்: கூரையில் சோலார் போடுகிறீர்களா? புதிய நிட்டிங் மெஷின் வருகிறதா? வாடகைக்குப் புதிய குடோன் பார்த்திருக்கிறீர்களா? ஏதாவது யூனிட்டை மூடப்போகிறீர்களா? வெளிநாட்டு பையருடன் விற்பனை நிபந்தனை மாறுகிறதா? ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. கட்டடத்திலும் இயந்திரத்திலும் புதிதாகச் சேர்ப்பவற்றுக்கு லகு உத்யம் பாலிசி 15 சதவீதம் வரை தானாக இடம் தருகிறது. ஸ்டாக்குக்கு அந்தச் சலுகை இல்லை. பூட்டிக் கிடக்கும் கட்டடத்தைப் பொறுத்தவரை, 30 நாளைத் தாண்டுமானால் முன்கூட்டித் தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது தீ பாலிசிகளில் பொதுவாகக் காணும் நிபந்தனை.

விற்பனை நிபந்தனைதான் அதிகம் பேர் தவறவிடுவது. எஃப்ஓபி முறையில் சரக்கு கப்பலில் ஏறும்வரைதான் ஏற்றுமதியாளரின் பொறுப்பு. அவருடைய போக்குவரத்து பாலிசியும் துறைமுகத்தோடு நின்றுவிடும்படி இருக்கும். வெளிநாட்டுக் குடோன் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் டிடிபி முறைக்கு அவர் ஒப்புக்கொண்டால், கடல், அந்நாட்டுத் துறைமுகம், அங்குள்ள லாரி எல்லாம் அவர் தலையில் ஏறும். பாலிசி பழைய இடத்திலேயே நிற்கும். விற்பனைப் பிரிவு ஒப்பந்தம் போட்டதைக் கணக்குப் பிரிவே சில மாதம் கழித்துத்தான் அறியும் நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வியின் நகலை விற்பனை மேலாளருக்கும் அனுப்புங்கள்.

சைபர் பாலிசி, லாப இழப்புப் பாலிசி, இயக்குநர் பொறுப்புப் பாலிசி என்று இல்லாத எல்லாவற்றையும் இதே கடிதத்தில் அடுக்க மேலாளர் சொல்லக்கூடும். நான் மறுத்துவிடுவேன். இரண்டு முடிவு கேட்டால் இரண்டும் கிடைக்கலாம். எட்டு கேட்டால் ஒன்றும் கிடைக்காது, விற்க வந்திருக்கிறான் என்ற எண்ணமும் வரும். ஒன்றை மட்டும் கூடுதலாகச் சேர்க்கலாம் என்றால் லாப இழப்பைச் சேர்ப்பேன். எரிந்த மெஷினுக்குப் பணம் வந்தாலும், புது மெஷின் ஓடும்வரை சம்பளமும் வட்டியும் நிற்பதில்லை. தீ பாலிசி அதைத் தராது. அதையும் பிப்ரவரியில் தனிக் கடிதமாக எழுதுவது நல்லது.

அனுப்பும் காலம் டிசம்பர் நடுப்பகுதி. முடிவுத் தேதி பொங்கலுக்கு முன். பத்து நாளில் பதில் வராவிட்டால் அதே கடிதத்தை மீண்டும் தள்ளாதீர்கள், தொலைபேசியில் பேசுங்கள். அவர் "இந்த வருடம் பணம் இறுக்கமாக இருக்கிறது, ஸ்டாக்கைக் கூட்ட வேண்டாம்" என்று சொல்லலாம். அது அவர் உரிமை. அன்று மாலையே இப்படி ஒரு சிறு மின்னஞ்சல் போய்விட வேண்டும்: "இன்று தொலைபேசியில் நீங்கள் சொன்னபடி ஸ்டாக் காப்பு 3 கோடியிலேயே தொடர்கிறது. ஜாப் ஒர்க் சரக்குக்கான ஃப்ளோட்டரை மட்டும் எடுக்கிறோம். ஸ்டாக் 5 கோடியைத் தொடும் காலத்தில் விகிதக் கழிவு வரும் என்பதைப் பேசினோம். ஜூலையில் இருப்பைப் பார்த்துவிட்டு மீண்டும் கேட்கிறேன்." அனுப்பியதும் ஜூலை முதல் வாரத்தில் உங்கள் நாட்குறிப்பில் அதைக் குறித்து வையுங்கள்.